துரைக்கு எப்படியோ, எனக்கும் அப்படியே

பழைய ஆஸ்பத்திரி ஆட்கள் ஒன்றுகூடும்போதெல்லாம் என்னை மலேரியாக் காலத்தைப் பற்றித்தான் பேசச் சொல்வார்கள். கசப்பு மருந்தைத் துப்பிவிடாமல் ஆட்களை எப்படி விழுங்க வைத்தோம், எத்தனை பேரைத் தூளியில் கட்டித் தூக்கி வந்தோம் என்பதையெல்லாம் நானும் சலிக்காமல் சொல்லுவேன். போன மாதக் கூட்டத்தில் புண் கட்டி ஊசி போடும் ஓர் இளம் டிரெசர் வேறொன்றைக் கேட்டார்.

அவருடைய ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு மலாய் நர்ஸ் வந்திருக்கிறார். இவர் மரியாதைக்காகக் கை நீட்டியிருக்கிறார். அந்தப் பெண் கை கொடுக்காமல் தன் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

"எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க சார். மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னே தெரியல. நான் என்ன தப்பு பண்ணிட்டேன்?" என்றார்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்தபிறகும் உட்கார முடியாமல் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அவர் கேட்டதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரிக்காக நான் பட்ட பாட்டை விட்டுவிட்டுச் சொன்னால் அது வெறும் புத்திமதியாகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மலாயாவில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். அப்பா பால்மரம் வெட்டியவர். ஊரில் எங்கள் சனம் குடியிருந்த இடத்துக்குச் சேரி என்று பெயர். கப்பலேறிக் கடல் தாண்டி வந்த பிறகும் எங்களுக்கு லயம் என்கிற வரிசை வீடும் தனிதான், குழாயடியிலும் தனி முறைதான். தோட்டத்துப் பள்ளியில் கொஞ்சம், ஈப்போவில் பாதிரியார் பள்ளியில் கொஞ்சம் படித்தேன். பிறகு ஆஸ்பத்திரியில் தரை கழுவினேன், மலப் பீங்கான் சுமந்தேன், புண் கழுவக் கற்றேன், பரீட்சை எழுதி டிரெசரானேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில் ஈப்போவுக்கும் கோப்பெங்குக்கும் நடுவே இருந்த ஒரு சிறு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். அக்கம்பக்கத்துத் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் சேர்ந்து நடத்திய ஆஸ்பத்திரி அது. தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் நோயாளிகளாக வருவார்கள். ஊழியர்களும் அப்படித்தான்.

அங்கே அலுவலகத்தைக் கட்டி ஆண்டவர் கிராணி வைத்தியலிங்கம். எழுத்து வேலை பார்ப்பவரை அந்த நாளில் கிராணி என்போம். காவிரிக் கரையில் நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. வேலையில் குறை சொல்லவே முடியாது. மருந்துச் சரக்கு தீர்ந்துபோக அவர் ஒருநாளும் விட்டதில்லை. ஆனால் என் கையிலிருந்து ஒரு காகிதத்தைக்கூட அவர் வாங்கமாட்டார். "மேசையில வையி" என்பார். நான் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் வந்தபிறகுதான் எடுப்பார். அதில் கோபமும் இருக்காது, வெறுப்பும் இருக்காது. மழை பெய்தால் குடை விரிப்பதுபோலச் செய்வார். அதுதான் என்னை அறுத்தது.

பழைய டாக்டர் துரை எங்களைப் பிரம்பால் சுட்டித்தான் கூப்பிடுவார். அவர் ஊருக்குக் கப்பலேறிய பிறகு டாக்டர் லாம்பர்ட் வந்தார். பெரிய யுத்தத்தில் படை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். ஒல்லியான உடம்பு, முன் நரைத்த தலை, ஓரிடத்தில் நிற்காத கால். முதல் நாள் காலையில் எங்களை வராந்தாவில் வரிசையாக நிற்கச் சொன்னார். பிரம்புக்காகக் காத்திருந்தோம். அவர் என் முன்னால் வந்து நின்று, சட்டைக் கையை மடித்துவிட்டு, வலது கையை நீட்டினார்.

எனக்கு விளங்கவில்லை. ஏதோ கேட்கிறார் என்று நினைத்து என் கையிலிருந்த வெப்பமானியைக் கொடுக்கப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே அதை இடது கையில் வாங்கி, வலது கையால் என் கையைப் பற்றினார். முழு உள்ளங்கை. கண்ணை நேராகப் பார்த்து, ஒரே ஒரு குலுக்கல், உடனே விட்டுவிட்டார். அழுத்தவும் இல்லை, தளர்த்தவும் இல்லை. அதுவரை வேற்று மனிதர் ஒருவர் நோய்க்காக அல்லாமல், வேலைக்காக அல்லாமல், மரியாதைக்காக என்னைத் தொட்டதில்லை.

வரிசை முடிந்ததும் அவர் சொன்னார்: "இனி தினமும் காலையில் இப்படித்தான். நான் உங்களுக்கு, நீங்கள் ஒருவருக்கொருவர். என் ஆஸ்பத்திரியில் சுத்தமான கையை யாரும் மறுக்கக் கூடாது."

பாதிரியார் பள்ளி ஆங்கிலம் அதைப் புரிந்துகொள்ளப் போதுமாக இருந்தது. பக்கத்தில் நின்ற கிராணியைப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மருந்து கலக்கும் லியோங் கலகலவென்று எல்லாருடைய கையையும் குலுக்கினான். அவன் வீட்டில் பெரியவர்களைக் கண்டால் தன் ஒரு கையை மறு கையால் பொத்தி நெஞ்சுக்கு நேரே ஆட்டுகிற வழக்கம். ஆனால் இதுவும் அவனுக்கு விளையாட்டாக இருந்தது. தோட்டக்காரர் பாக் மாட்டிடம் போனேன். லாம்பர்ட் துரை செய்த மாதிரியே அவர் கையை இறுக்கிக் குலுக்கினேன். கிழவர் முகம் சுளித்தார். அவர்கள் வழக்கத்தில் இரண்டு கையாலும் மெல்லத் தொட்டுவிட்டுத் தன் நெஞ்சுக்குக் கொண்டுபோக வேண்டும். இறுக்கிப் பிடித்தால் சண்டைக்கு இழுப்பதுபோல. அது எனக்கு அன்று தெரியாது.

கடைசியில் கிராணி. இரண்டு விரல் நுனியை நீட்டினார். ஈர இலையைப் பொறுக்குவதுபோல என் விரலைத் தொட்டார். அப்புறம் வராந்தாக் கோடிக்குப் போய்க் குழாயைத் திறந்து கை கழுவினார். துரையோடு கை குலுக்கியபோது அவர் கழுவவில்லை.

அப்படியே மாதங்கள் ஓடின. அந்த இரண்டு விரல் எனக்குப் போதவில்லைதான். ஆனாலும் அதை விட்டுவிட மனமில்லை. ஒவ்வொரு காலையும் அதற்காகக் காத்திருந்தேன்.

இந்த நிலையில்தான் ஹலீமா அக்கா வந்தார்.

பிள்ளைப்பேறு பார்க்கப் பயிற்சி பெற்றவர். அவருடைய அப்பா நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து கோப்பெங்கில் துணிக்கடை வைத்தவர், அம்மா மலாய்க்காரர். அதனால் இரண்டு பாஷையும் சரளம். கம்பம் என்கிற சுற்றுவட்ட மலாய்க் கிராமங்களிலிருந்து பெண்கள் பிரசவத்துக்கு எங்களிடம் வருவதே இல்லை. கட்டிலில் படுத்தால் ஆண்கள் பார்ப்பார்கள் என்ற பயம். அவர்களை வரவைக்கத்தான் துரை மேலிடத்தில் மன்றாடி இவரை நியமித்தார்.

முதல் நாள் காலை. துரை வரிசையில் வந்தார், அக்காவுக்குக் கை நீட்டினார். அக்கா புன்னகையோடு வலது கையைத் தன் நெஞ்சில் வைத்து, இடுப்பைச் சற்றே வளைத்து, "சலாம் துவான்" என்றார். துவான் என்றால் ஐயா. துரையின் கை அந்தரத்தில் நின்றது. பழக்கமில்லாத புதியவர் என்று நினைத்தாரோ என்னவோ, கையை இறக்கிவிட்டு என்னைக் காட்டி, "இவர் நம் டிரெசர்" என்றார்.

நான் கை நீட்டினேன். பெருமையோடுதான் நீட்டினேன். அக்கா என்னிடமும் நெஞ்சில் கை வைத்தார்.

பின்னால் கிராணி மெதுவாகச் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது: "பாத்தியா? வந்த முதல் நாளே அந்தம்மாவுக்கும் தெரிஞ்சுபோச்சு."

கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டேன். அதைப் பார்த்துவிட்டு அக்காவின் முகம் வாடியது.

அன்றிலிருந்து அவர் செய்வதையெல்லாம் சந்தேகத்தோடு கவனித்தேன். கத்திரிக்கோல் கேட்டால் கையில் வாங்கமாட்டார். பீங்கான் தட்டில் வைத்துத் தட்டை நீட்டுவார், அதில் போட வேண்டும். இதுவும் "மேசையில வையி"தானே? ஆனால் நான் கொடுத்த காப்பியைக் குடித்தார். என் பாயில் உட்கார்ந்து தையல் போட்டார். ஒருநாள் என் மனைவி சாப்பாடு கொண்டுவந்தபோது அவள் கையைப் பற்றிக்கொண்டு அரைமணி நேரம் பேசினார். எனக்குக் குழம்பியது. குழப்பம் கோபத்தைவிடக் கொடியது. கோபத்தில் தூக்கமாவது வரும்.

ஒரு வாரம் போனதும் கிராணி துரையின் அறைக்குப் போனார். நான் உள்ளே மருந்துப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். கிராணி பணிவாகத்தான் பேசினார்.

"அந்த அம்மாள் மத வழக்கம் என்று தொடாமல் இருக்கிறார். நீங்கள் பொறுத்துக்கொள்கிறீர்கள். எனக்கும் மத வழக்கம் உண்டு. எனக்கும் அதே சலுகையைத் தாருங்கள்."

துரை மேசையைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். "சலுகை கிடையாது. யாருக்கும் கிடையாது" என்றார். அன்று மாலையே ஹலீமா அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: மாத முடிவுக்குள் வரிசையில் எல்லாரையும்போலக் கை கொடுக்க வேண்டும், முடியாதென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

அவர் கெட்டவர் இல்லை. எனக்காகத்தான் அவர் அந்தச் சட்டத்தைக் கட்டிக் காத்தார். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் கிராணிக்கும் விட்டுக்கொடுக்க வேண்டும், அப்புறம் நான் மறுபடி மேசைக்கு இந்தப் பக்கம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் நான் வாய் திறக்கவில்லை. அக்கா போய்விட்டால் கம்பத்துப் பெண்கள் வரமாட்டார்கள். அக்கா இருந்தால் என் இரண்டு விரலும் போய்விடும். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டு பார்த்தேன், வழியில்லை. சோறு இறங்கவில்லை. மனைவி, "வயித்துப் பூச்சிக்கு மருந்து குடிங்க" என்றாள்.

மாதம் முடிய இன்னும் சில நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் மாட்டு வண்டியில் ஓர் இளம் மலாய்ப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். கம்பத்தில் பிள்ளை பிறந்துவிட்டது, நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது. ஆனால் ரத்தம் நிற்கவில்லை. பெயர் மீனா. வண்டி வைக்கோலெல்லாம் நனைந்திருந்தது. உதடு வெளுத்து, கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். ரத்தம் போனவர்கள் கொட்டாவி விட்டால் காலம் குறைவு என்று அர்த்தம். துரை சுரங்கத்து விபத்து ஒன்றுக்குப் போயிருந்தார். ஆள் அனுப்பினோம்.

ஹலீமா அக்கா ஏற்கெனவே வேலையில் இறங்கிவிட்டார். கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தச் சொன்னார். சிறுநீரைக் குழாய் வைத்து இறக்கினார். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் கருப்பை சுருங்காது. பிறகு தொப்புளுக்குக் கீழே உள்ளங்கையைக் குழித்து வைத்து வட்டமாகத் தேய்த்தார். அடிவயிறு பிசைந்த மாவுபோலத் தொளதொளவென்று கிடந்தது. தேய்க்கத் தேய்க்க இறுகிப் பந்தாகும். கையை எடுத்தால் மறுபடி தளரும், ரத்தம் கொட்டும். நான் கருப்பை சுருங்க எர்காட் ஊசி போட்டுவிட்டுத் திரைக்கு வெளியே வந்து நின்றேன்.

அக்காவின் தோள் நடுங்கத் தொடங்கியது. தேய்ப்பது லேசான வேலையில்லை. "டிரெசர் அண்ணே, உள்ள வாங்க" என்றார்.

வாசலில் நின்ற கணவன் குறுக்கே வந்தான். ஆண் தொடக்கூடாது என்றான். அவனும் பையன்தான், கண் நிறையத் தண்ணீர்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் மலாயில் சொன்னார்: "உயிர் போகிற நேரத்தில் அந்தக் கணக்கு இல்லை, தம்பி. அது தெரியாதவனுக்குத்தான் மார்க்கம் தெரியாது. வழி விடு." அவன் விலகினான்.

அக்காவின் கை எழாமல் என் கை உள்ளே போக வேண்டும். ஒரு நொடி விட்டாலும் தளர்ந்துவிடும். "என் கைக்கு மேல வைங்க. அழுத்துங்க. நான் உருவிக்கிறேன்" என்றார். அவர் கைமேல் என் கையை வைத்தேன். இருவர் கையும் ரத்தத்தில் வழுக்கின. அவர் மெல்ல உருவிக்கொள்ள, என் உள்ளங்கைக்குக் கீழே அந்தப் பந்து தட்டுப்பட்டது. தேய்த்தேன். என் கை ஓய்ந்தபோது அவர் கை என் கைமேல் வந்தது. இப்படி எத்தனை முறை மாறினோம் என்று நினைவில்லை. யார் கை, எந்தக் கை என்ற நினைப்பே அங்கு இல்லை. துரையின் கார்ச் சத்தம் கேட்டபோது வயிறு கல்போல இறுகியிருந்தது. மீனா தண்ணீர் கேட்டாள்.

துரை சோதித்துப் பார்த்தார். நாடியைப் பிடித்தபடி நீண்ட நேரம் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டார்.

பின்பக்கத் தொட்டியில் லைசால் கிருமிநாசினி கலந்த தண்ணீரில் இருவரும் கை கழுவினோம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கையைத் துடைத்த வேகத்தில், "அக்கா!" என்று அப்படியே கையை நீட்டிவிட்டேன்.

அக்கா நெஞ்சில் கை வைத்தார். ஆனால் இம்முறை கண்ணைத் தாழ்த்தவில்லை, சிரித்தார்.

"அண்ணே, ஒங்க கை மட்டும் இல்லன்னா அந்தப் புள்ள போயிருக்கும். மறக்கமாட்டேன். ஆனா அது அப்ப. இப்ப உயிரு ஒன்னும் போகல லா."

நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. கேட்டே விட்டேன். "அக்கா, நெசத்தச் சொல்லுங்க. நான் யாருன்னு தெரிஞ்சுதான் தொட மாட்டேங்குறீங்களா?"

"யாரு நீங்க?" என்றார்.

சொன்னேன். சேரியைச் சொன்னேன், தனி லயத்தைச் சொன்னேன், மேசையைச் சொன்னேன். அவர் துண்டை மடித்துக் கொடியில் போட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"எனக்கு இது புதுசா இருக்கு அண்ணே. எங்கக்கா புருசன் இருக்காரு, என்னத் தூக்கி வளத்த மனுசன் மாதிரி. அவருக்கும் நான் கை குடுக்கறதில்ல. சுல்தானே வந்தாலும் இதே நெஞ்சுதான், இதே கைதான். தொழுகைக்குத் தண்ணி எடுத்துட்டு, அதான் கை கால் மொகம் கழுவிட்டு, வந்திருப்பேன். அன்னிய ஆம்பள கை பட்டா எங்க முறையில திரும்ப எடுக்கணும். அது மட்டுமில்ல, சின்ன வயசுலேருந்து பழகிப்போச்சு, கூச்சமா இருக்கு. ஒங்க சம்சாரம் கையப் புடிச்சுக்கிட்டுப் பேசுனேன்ல? ஒங்க வீட்டுக் கொழந்தைய என் கையில வாங்க மாட்டேனா?" கொஞ்சம் நிறுத்தினார். "நெஞ்சுல கை வைக்கிறது 'வேணாம்'னு சொல்றதில்ல அண்ணே. 'ஒங்க மரியாத இங்க வந்து சேந்துருச்சு'ன்னு சொல்றது. நீங்க அதப் பாக்கவே இல்ல. என் கையத்தான் தேடுனீங்க."

அதன்பிறகு எனக்கு நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரியைச் சுற்றி நடந்தேன். பிணவறை, கிணறு, சமையல்கட்டு, மறுபடி பிணவறை. அக்கா எந்த ஆணையும் தொடுவதில்லை. துரையும் நானும் அவருக்கு ஒன்று. கிராணி துரையைத் தொடுகிறார், என்னைத் தொடுவதில்லை. தொடுகிறார்களா இல்லையா என்பதையே இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியது அது இல்லை. யாருக்குக் கொடுத்து யாருக்கு மறுக்கிறார்கள் என்பதுதான். அது புரிந்த மறுநிமிடம் நேரே துரையின் அறைக்குப் போனேன்.

அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் அவரோடு பேசியது ஆங்கிலத்தில். தமிழில் தருகிறேன்.

"ஐயா, கை கொடுக்கும் சட்டத்தை எடுத்துவிடுங்கள்."

திகைத்துவிட்டார். "உனக்காகத்தானே?"

"எனக்காகத்தான் கேட்கிறேன். ஒவ்வொருவரும் அவரவர் வழக்கப்படி வணங்கட்டும். கை குலுக்கலாம், நெஞ்சில் கை வைக்கலாம், கை கூப்பலாம். ஆனால் உங்களுக்கு எப்படியோ, எனக்கும் அப்படியே. தோட்டி வேலை பார்ப்பவருக்கும் அப்படியே. ஆண், பெண் என்று வேண்டுமானால் முறை மாறட்டும். ஆளுக்கு ஆள் மாறக் கூடாது."

துண்டு கையில் இருக்க, ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார். "அப்படியென்றால் கிராணி உன் கையை இனித் தொடவே மாட்டான்."

"தெரியும்."

"உனக்குப் பரவாயில்லையா?"

"பரவாயில்லை என்று சொல்ல முடியவில்லை ஐயா. ஆனால் சட்டத்துக்காகக் கொடுக்கிற இரண்டு விரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?"

அவர் துண்டை நாற்காலியில் போட்டார். இன்னொன்றையும் சொன்னேன்: "நீங்கள் முதலில் கை நீட்டாதீர்கள். நீங்கள் துரை. நீங்கள் நீட்டிவிட்டால் எதிரே இருப்பவருக்கு வேறு வழியில்லை. கை பக்கத்தில் தொங்கட்டும். அரை மூச்சு பொறுங்கள். அவர் கை எங்கே போகிறதோ, உங்கள் கையும் அங்கே போகட்டும்."

"நான் மறந்து நீட்டிவிட்டால்?"

"வெடுக்கென்று பின்னால் இழுக்காதீர்கள். சூடு பட்டதுபோல இருக்கும். நீட்டிய கையை அப்படியே மேலே கொண்டுபோய் உங்கள் நெஞ்சில் வையுங்கள். முதலிலிருந்தே அங்கேதான் போய்க்கொண்டிருந்ததுபோல. அப்புறம் ஏன் எதற்கு என்று எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள்."

அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாக என் முன்னால் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணாடி முன்னால் நின்று நெஞ்சில் கை வைத்துப் பழகிப் பார்த்தார். முதலில் இடது கையை வைத்தார். "வலது, ஐயா" என்றேன்.

மறுநாள் காலை வரிசையில் புது ஏற்பாட்டைச் சொன்னார். கிராணியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சட்டம் போய்விட்டது என்ற வரைக்கும் கேட்டிருப்பார். "எனக்கு எப்படியோ, எல்லாருக்கும் அப்படியே" என்று துரை முடித்தபோது அந்த வெளிச்சம் அணைந்தது.

லியோங் கை நீட்டினான், குலுக்கினார்கள். பாக் மாட் இரண்டு கையையும் நீட்ட, துரையும் இரண்டு கையால் மெல்லத் தொட்டு நெஞ்சுக்குக் கொண்டுபோனார். கிழவர் முகம் மலர்ந்தது. ஹலீமா அக்கா முன்னால் வந்தபோது துரையின் வலது கை பழக்கத்தில் அரை அடி எழும்பியது. எழும்பிய கை நிற்காமல் நெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தது. இருவரும் ஒரே நேரத்தில் தலை தாழ்த்தினார்கள். "சலாம், பிடான்" என்றார் துரை. பிடான் என்றால் மருத்துவச்சி. அக்கா சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்தது கிராணி. துரை கையைத் தொங்கவிட்டபடி நின்றார்.

கிராணியின் வலது கை மெல்ல எழுந்தது, நின்றது. துரையோடு கை குலுக்குவது அவருக்கு எவ்வளவு பெரிய கௌரவம் என்று எனக்குத் தெரியும். கோயிலில், கடைத்தெருவில் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரிப்பவர். இப்போது அந்தக் கையைப் பற்றினால் அடுத்து என் கையைப் பற்ற வேண்டும், இரண்டு விரலால் இல்லை, முழுதாக. அவர் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். வெறுப்போடு பார்த்ததாக நான் சொல்லமாட்டேன். வழி தெரியாத இடத்தில் நிற்கிறவர் பார்க்கிற பார்வை அது.

பிறகு இடது கையும் எழுந்தது. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து, துரைக்குக் கை கூப்பினார். "நமஸ்காரம்" என்றார். துரையும் கை கூப்பினார்.

கிராணி என் பக்கம் திரும்பினார். கைகள் நெஞ்சருகே சேர்ந்தன. துரைக்கு எவ்வளவு குனிந்தாரோ அவ்வளவு குனிந்து, "நமஸ்காரம், டிரெசர்" என்றார்.

நானும் கை கூப்பினேன். அவர் குழாய்ப் பக்கம் போகவில்லை. கழுவ என்ன இருக்கிறது?

மீதி நாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஜெயித்தேனா, தோற்றேனா? என்னைத் தொடாமல் தப்பித்துக்கொண்டார் என்று ஒரு மனம். அதற்கு அவர் கொடுத்த விலையைப் பார் என்று ஒரு மனம். ஹலீமா அக்காவின் நெஞ்சில் வைத்த கையைப் பார்த்தால் இன்று எனக்கு உள்ளே குளிர்கிறது. கிராணியின் கூப்பிய கையைப் பார்த்தால் குளிரவில்லை. இரண்டுமே தொடாத வணக்கம்தான். ஒன்றில் எல்லை இருக்கிறது, இன்னொன்றில் வேலி இருக்கிறது. அந்த வேலியை நான் பிடுங்கவில்லை. அதன் முன்னால் நின்று வணங்க வைத்தேன், அவ்வளவுதான். அது போதுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர் வேலையை விட்டுப் போகும்வரை எங்களுக்குள் அப்படியே நடந்தது. ஹலீமா அக்காவை நம்பிக் கம்பத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். மீனாவின் பிள்ளைக்கு அம்மை குத்தியது நான்தான்.

கிராணி கை கூப்பிய அந்த வார ஞாயிற்றுக்கிழமை சுங்கை சிப்புட்டுக்குப் போனேன். அப்பா லயத்துக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். துரை, அக்கா, சட்டம் எதுவும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. கோடரியை ஓங்கி ஓங்கி வெட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப கிராணி கடைசியா ஒனக்குக் கை குடுக்கல."

"குடுக்கல. கும்பிட்டாரு."

கோடரி நின்றது. "யாரு கும்பிட்டா?"

"கிராணி."

"யார?"

"என்னத்தான்பா."

"வெளையாடாத." கோடரியைக் கீழே வைத்தார். வாழ்நாளெல்லாம் கும்பிட்டே பழகிய கை அது. தண்டலுக்கு, கங்காணிக்கு, துரைக்கு, துரை வீட்டுச் சமையல்காரனுக்கு. "ஒத்தக் கையத் தூக்கியிருப்பான். நீ தப்பாப் பாத்திருப்ப."

"ரெண்டு கையுந்தான்பா."

"எப்படிக் கும்பிட்டான்? செஞ்சு காட்டு."

நான் அவருக்கு நேரே நின்றேன். கிராணி செய்த மாதிரியே இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சருகே சேர்த்து, தலை குனிந்து, "நமஸ்காரம்" என்றேன்.

நிமிர்ந்தபோது, அப்பா தன் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.